நிரப்பிய படிவம் ஏன் காலியாகத் திரும்புகிறது?

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை மாமல்லபுரத்துக்கு ஒரு நாள் அழைத்துப் போக வேண்டும். பெற்றோரின் ஒப்புதல் இல்லாமல் ஒரு பிள்ளையைக்கூடப் பேருந்தில் ஏற்ற முடியாது. முன்பெல்லாம் இதற்குத் தாளில் அச்சடித்துப் பிள்ளைகளிடமே கொடுத்தனுப்புவார்கள். இப்போது பல பள்ளிகளில் வகுப்பாசிரியர் வாட்ஸ்அப்பில் ஒரு பிடிஎஃப் கோப்பை அனுப்புகிறார். அதில் பெயருக்கு ஒரு பெட்டி, தொலைபேசி எண்ணுக்கு ஒரு பெட்டி, சம்மதமா இல்லையா என்பதற்கு இரண்டு வட்டங்கள். செல்போனிலேயே நிரப்பித் திருப்பி அனுப்பினால் போதும் என்று சொல்லிவிடுகிறார்.

மறுநாள் வந்த கோப்புகளைத் திறந்தால் பல படிவங்கள் காலியாக இருக்கின்றன. ஒரு பிள்ளையின் வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்டால், அம்மா தயங்காமல் சொல்கிறார்: “நேத்து ராத்திரியே உக்காந்து ஃபில் பண்ணி அனுப்பிட்டேனே டீச்சர்!” அவர் சொல்வது உண்மை. டீச்சருக்கு வந்தது காலிப் படிவம் என்பதும் உண்மை. இடையில் நடந்தது என்ன என்று இருவருக்கும் தெரியாததால் அம்மாவுக்கு மனத்தாங்கல், ஆசிரியருக்குச் சலிப்பு. படிவத்தோடு போகும் கடிதத்தைக் கொஞ்சம் யோசித்து எழுதினால் இந்தச் சிக்கலில் பெரும்பகுதி வராது. ஆனால் அந்தக் கடிதத்தை எழுதும் முன்பு, எழுதிய பதில்கள் எங்கே தொலைகின்றன என்று ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பிடிஎஃப் 1993-இல் அடோபி நிறுவனம் கொண்டுவந்தது. எந்தக் கணினியில் திறந்தாலும் பக்கம் அச்சடித்தது போலவே தெரிய வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். அதாவது, அது பார்ப்பதற்கும் அச்சடிப்பதற்கும் பிறந்த கோப்பு, எழுதுவதற்குப் பிறந்ததல்ல. நிரப்பக்கூடிய பெட்டிகள் சில ஆண்டுகள் கழித்து அதன்மேல் சேர்க்கப்பட்டவை. இதை அஞ்சல் அட்டையின் மேல் கண்ணாடித் தாளை வைத்து எழுதுவதுபோல என்று வைத்துக்கொள்ளலாம். கேள்விகள் அட்டையில் இருக்கின்றன. நாம் எழுதும் பதில்கள் கண்ணாடித் தாளில் நிற்கின்றன. இரண்டும் சேர்ந்து ஒரே கோப்பாகச் சேமிக்கப்பட்டால்தான் பதில் ஊர் போய்ச் சேரும்.

வாட்ஸ்அப்பில் வந்த கோப்பை ஆண்ட்ராய்டு செல்போனில் தொட்டால், வழக்கமாக வேறொரு செயலி அதைத் திறந்து காட்டும். சிலரிடம் அது கூகுள் டிரைவ், சிலரிடம் அடோபி ரீடர், சிலரிடம் செல்போன் கம்பெனியே போட்டுக் கொடுத்த ஏதோ ஒன்று. அந்தச் செயலிக்கு வாட்ஸ்அப் தருவது கோப்பைப் படிக்கும் உரிமை மட்டுமே. உள்ளே எழுதி அதே இடத்தில் வைக்கும் உரிமை அதற்கு இல்லை. ஆகவே நிரப்பிய படிவத்தை வேறோர் இடத்தில், தனி நகலாகத்தான் சேமிக்க முடியும். இந்த நகல் விஷயம் யாருக்கும் கண்ணில் படுவதில்லை. அம்மா எல்லாப் பெட்டிகளையும் நிரப்புகிறார், பின்னால் போகும் பொத்தானை அழுத்தி வாட்ஸ்அப்புக்கு வருகிறார், டீச்சர் அனுப்பிய அதே செய்தியை விரலால் அழுத்திப் பிடித்து டீச்சருக்கே ஃபார்வர்டு செய்கிறார். போனது பழைய காலிப் படிவம். நிரப்பியது, சேமிக்கப்பட்டிருந்தால் செல்போனின் டவுன்லோட்ஸ் பகுதியில் கிடக்கிறது. சேமிக்கப்படாவிட்டால் எங்கும் இல்லை.

படிவம் காலியாகத் திரும்பும்போது முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். இரண்டாவது காரணம் செயலியைப் பற்றியது. சில செயலிகள் பிடிஎஃப்பைக் காட்ட மட்டுமே தெரிந்தவை. பெட்டியைத் தொட்டால் ஒன்றும் நடக்காது. இதில் ஆபத்து குறைவு, ஏனென்றால் பெற்றோருக்கு உடனே தெரிந்துவிடும். ஆபத்து கூடுதலானது மூன்றாவது வகை: பதில் கோப்புக்குள் இருக்கும், ஆனால் கண்ணுக்குத் தெரியாது. பிடிஎஃப் பெட்டி ஒவ்வொன்றிலும் இரண்டு விஷயங்கள் தனித்தனியாகப் பதிவாகின்றன. ஒன்று, பதில் என்ன என்பது. மற்றொன்று, அந்தப் பதில் பக்கத்தில் எப்படித் தெரிய வேண்டும் என்ற வரைவு. சில செயலிகள் முதலாவதை எழுதிவிட்டு இரண்டாவதை எழுதாமல் விட்டுவிடும். அப்படி வந்த படிவத்தை ஆசிரியர் கணினியில் திறந்தால் பெட்டி வெறுமையாகத் தெரியும். பெட்டிக்குள் சொடுக்கினால் எழுத்து தெரியும், வெளியே வந்தால் மறைந்துவிடும். இப்படிக் கண்ணாமூச்சி காட்டினால் பெற்றோர் நிரப்பியிருக்கிறார் என்றே பொருள். அந்தக் கோப்பை ஃபயர்பாக்ஸ் உலாவியிலோ அடோபி ரீடரிலோ திறந்து பார்த்தால் பெரும்பாலும் பதில்கள் வெளிப்பட்டுவிடும்.

பெற்றோர் பக்கம் இவ்வளவு. ஆசிரியர் பக்கத்திலும் படிவத்தைத் தயாரிக்கும்போதே நேரும் பிழைகள் உண்டு. கடிதம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அவற்றைச் சரிக்கட்ட முடியாது.

முதலாவது, வேர்டில் கட்டம் போட்டு, கோடு கிழித்து, அதை பிடிஎஃப்பாக மாற்றி அனுப்புவது. பார்வைக்கு அது படிவம். ஆனால் அந்தக் கட்டங்கள் வெறும் படங்கள். வேர்டில் நிரப்பும் பெட்டிகளையே வைத்திருந்தாலும், பிடிஎஃப்பாகச் சேமிக்கும்போது அவை நிரப்பும் தன்மையை இழந்துவிடும். இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸில் இதைச் செய்யலாம். பெட்டிகளை வைத்த பிறகு `Export as PDF` என்பதைத் தேர்ந்தெடுத்தால் ஒரு சாளரம் திறக்கும். அதில் `Create PDF form` என்ற கட்டத்தில் குறி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும்.

இரண்டாவது பிழை இன்னும் நுணுக்கமானது. ஒவ்வொரு பெட்டிக்கும் உள்ளுக்குள் ஒரு பெயர் உண்டு. மாணவர் பெயருக்கான பெட்டியை நகலெடுத்துப் பெற்றோர் பெயருக்கும் ஒட்டினால், இரண்டுக்கும் உள்பெயர் ஒன்றாகவே இருந்துவிடலாம். ஒரே பெயருள்ள பெட்டிகளை பிடிஎஃப் ஒரே பெட்டியாகத்தான் நினைக்கும். கீழே அம்மா தன் பெயரை எழுதியதும் மேலே பிள்ளையின் பெயர் அழிந்து அங்கேயும் அம்மாவின் பெயர் வந்துவிடும். அவர் அதைக் கவனிக்காமல் அனுப்பினால், ஆசிரியர் கண்ணுக்கு அது பெற்றோரின் கவனக்குறைவாகத் தெரியும். ஒன்றுக்கு `student_name`, மற்றதற்கு `parent_name` என்று தனித்தனியே பெயர் கொடுத்தால் இந்தத் தொல்லை இல்லை.

மூன்றாவது, தமிழ் எழுத்து. இது பல ஆசிரியர்களுக்கு அதிர்ச்சியாக இருக்கும். படிவத்தில் அச்சாகியிருக்கும் தமிழ்க் கேள்விகள் எங்கே திறந்தாலும் அழகாகத் தெரியும், ஏனென்றால் அந்த எழுத்துருவைக் கோப்பு தன்னோடு சுமந்து செல்கிறது. நிரப்பும் பெட்டிக்கோ தனியாக ஓர் எழுத்துரு குறிக்கப்பட்டிருக்கும். பெரும்பாலும் அது ஹெல்வெட்டிகா. அதில் தமிழ் எழுத்தே கிடையாது. தட்டச்சு செய்யும்போது செல்போன் தன்னிடமுள்ள தமிழ் எழுத்துருவைக் காட்டும்; பெட்டியை விட்டு வெளியே வந்ததும் எழுத்துகள் புள்ளிகளாகவோ வெற்றிடமாகவோ ஆகிவிடும். எழுத்துரு இருந்தாலும் சில செயலிகளுக்கு உயிர்மெய்யைச் சேர்த்து எழுதத் தெரியாது. ‘கொ’ என்று எழுதினால் முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய் நிற்கும். இதற்கு இன்று முழுமையான தீர்வு இல்லை. நமக்கு வருத்தம் தருவதுதான் என்றாலும், இத்தனை வகைச் செல்போன்கள் உள்ள ஒரு வகுப்புக்குக் கேள்விகளைத் தமிழில் அச்சடித்து, பதில்களை மட்டும் ஆங்கில எழுத்தில் வாங்குவதே பாதுகாப்பு. எழுத வேண்டியதைக் குறைத்து, தொட்டுத் தேர்ந்தெடுப்பதைக் கூட்டினால் இன்னும் நல்லது.

அடுத்து சம்மதக் கேள்வி. பல படிவங்களில் “என் பிள்ளையை அனுப்பச் சம்மதிக்கிறேன்” என்று எழுதி அருகே ஒரே ஒரு சிறு கட்டம் வைத்திருப்பார்கள். சம்மதமென்றால் குறி போட வேண்டும். குறி இல்லாமல் வந்தால்? சம்மதமில்லை என்றும் இருக்கலாம், மறந்திருக்கலாம், குறி போட்டும் சேமிக்காமல் தொலைந்திருக்கலாம். மூன்றும் பார்வைக்கு ஒன்றேதான். ஆகவே “சம்மதம்”, “சம்மதமில்லை” என்று இரண்டு வட்டங்கள் வைக்க வேண்டும். ஒன்றைத் தொட்டால் மற்றது தானாக அணைந்துவிடும். இரண்டும் காலியாக வந்தால் அது பதில் அல்ல, பதில் வரவில்லை என்று பொருள். ஆசிரியர் போன் செய்து கேட்டாக வேண்டும். முன்கூட்டியே “சம்மதம்” என்பதில் குறி போட்டு அனுப்புவதை நான் அறவே ஏற்கவில்லை. பெற்றோர் திறந்தே பார்க்காத படிவம்கூட ஒப்புதலாகத் திரும்பி வந்துவிடும்.

பயணத்துக்கான சம்மதமும், பிள்ளையின் புகைப்படத்தைப் பள்ளியின் முகநூல் பக்கத்தில் போடுவதற்கான சம்மதமும் வேறு வேறு. இரண்டையும் ஒரே வரியில் கட்டிவிட்டால், படம் போடுவதை விரும்பாத பெற்றோர் பயணத்தையே மறுக்க நேரிடும். 2023-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவர்களைக் குழந்தைகள் என்கிறது. அவர்களின் தனிப்பட்ட தகவலைக் கையாள, சரிபார்க்கத்தக்க விதத்தில் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. இதைக் கருதியும் கேள்விகளைத் தனித்தனியே கேட்பதே சரி.

கையெழுத்து? படிவத்தில் மின்கையொப்பப் பெட்டியை வைத்தால் அது சான்றிதழ் கேட்கும். சாதாரணப் பெற்றோரிடம் அது இருக்காது. வகுப்புச் சுற்றுலாவுக்கு அவ்வளவு தேவையில்லை. பெற்றோர் தம் பெயரைத் தட்டச்சு செய்யட்டும். பள்ளிப் பதிவேட்டில் உள்ள அவருடைய எண்ணிலிருந்தே படிவம் வரட்டும். எந்த எண்ணிலிருந்து, எந்த நாள், எத்தனை மணிக்கு வந்தது என்பதும் சேர்ந்து பதிவாகிவிடுகிறது. அறுவை சிகிச்சைக்கோ பணப் பொறுப்புக்கோ இது போதாது. அப்படிப்பட்டவற்றைத் தாளில் நேரில் வாங்குவதே முறை.

படிவம் ஒரே பக்கத்தில் அடங்கட்டும். அது தயாரானதும் உடன் பணிபுரியும் ஒருவரின் சாதாரண ஆண்ட்ராய்டு செல்போனுக்கு அனுப்பி, அவர் நிரப்பித் திருப்பி அனுப்புவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஐஃபோன் வைத்திருப்பவர் கிடைத்தால் அவரிடமும் ஒருமுறை. எந்தப் பொத்தான் எங்கே வருகிறது, எந்த இடத்தில் கை தயங்குகிறது என்பதெல்லாம் அப்போது தெரியும். கடிதத்தை அதன் பிறகே எழுத வேண்டும்.

மாமல்லபுரப் பயணத்தையே வைத்து அந்தக் கடிதத்தை முழுதாக எழுதிப் பார்ப்போம். 2026 ஜனவரி 23 வெள்ளிக்கிழமை பயணம். பொங்கல் விடுமுறைக்கு முன்பே, 9-ஆம் தேதி வெள்ளியன்று படிவத்தை அனுப்பிவிட்டால் பெற்றோர் நிதானமாக உட்கார்ந்து செய்யலாம். கடிதத்தை பிடிஎஃப்புக்குள் வைக்காமல் தனிச் செய்தியாக அனுப்ப வேண்டும். படிவத்தைத் திறக்கத் தடுமாறுகிறவருக்கு, அதற்குள்ளேயே இருக்கும் விளக்கம் உதவாது.

“அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

நம் 8-ஆம் வகுப்பு ‘பி’ பிரிவுப் பிள்ளைகள் ஜனவரி 23 வெள்ளிக்கிழமை மாமல்லபுரம் செல்கிறார்கள். காலை 6 மணிக்குப் பள்ளியிலிருந்து புறப்பட்டு இரவு 7 மணிக்குத் திரும்புவோம். கடற்கரைக் கோயிலும் ஐந்து ரதங்களும் பார்ப்பார்கள். கடலில் இறங்க அனுமதி இல்லை. நான்கு ஆசிரியர்கள் உடன் வருகிறோம்.

இந்தச் செய்திக்குக் கீழே ஒப்புதல் படிவம் இருக்கிறது. ஜனவரி 19 திங்கள் மாலை 5 மணிக்குள் நிரப்பி அனுப்புங்கள். செல்போனில் செய்ய விருப்பமில்லை என்றால் பிள்ளையிடம் ‘தாள் வேண்டும்’ என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள், அச்சடித்துக் கொடுக்கிறேன். இரண்டும் எனக்கு ஒன்றுதான்.

செல்போனில் செய்பவர்களுக்கு:

படிவத்தைத் தொட்டுத் திறங்கள். எந்தச் செயலியில் திறக்க என்று கேட்டால் Drive அல்லது Adobe Acrobat என்பதைத் தேர்ந்தெடுங்கள். Drive-இல் திறந்தால் Form filling என்று வருவதைத் தொட்ட பிறகுதான் எழுத முடியும். ஐஃபோன் என்றால் முதலில் Save to Files கொடுத்து, Files செயலியில் போய்த் திறங்கள்.

பெட்டிகளை ஆங்கில எழுத்தில் நிரப்புங்கள். தமிழில் எழுதினால் எனக்கு வரும்போது எழுத்து மறைந்துவிடுகிறது. உடல்நலம் பற்றிய பெட்டியில் தமிழையே ஆங்கில எழுத்தில் எழுதினாலும் போதும். Verkadalai otthukkadhu என்று எழுதினால் எனக்குப் புரியும்.

சம்மதக் கேள்விகள் இரண்டு: ஒன்று பயணத்துக்கு, இன்னொன்று புகைப்படத்துக்கு. இரண்டிலும் ஏதாவது ஒரு வட்டத்தைக் கட்டாயம் தொடுங்கள். படத்துக்குச் சம்மதமில்லை என்றாலும் பிள்ளை பயணத்துக்கு வரலாம்.

நிரப்பியதும் Save a copy அல்லது Save as copy என்பதைத் தொட்டுச் சேமியுங்கள். ஃபைலின் பெயர் கேட்டால் வகுப்பும் வரிசை எண்ணும் மட்டும் கொடுங்கள். வரிசை எண் 7 என்றால் 8B-07. பிள்ளையின் பெயர் வேண்டாம்.

பிறகு வாட்ஸ்அப்பில் என் எண்ணுக்கு வந்து, இணைப்புக் குறியைத் தொட்டு, Document என்பதில் போய், நீங்கள் பெயர் கொடுத்த அந்த ஃபைலை அனுப்புங்கள். நான் அனுப்பிய செய்தியை ஃபார்வர்டு செய்யாதீர்கள். அது காலிப் படிவம். வகுப்புக் குரூப்பிலும் போடாதீர்கள். உங்கள் பிள்ளையின் உடல்நல விவரம் மற்றவர் பார்க்கத் தேவையில்லை.

அனுப்பியதும், அனுப்பிய அந்த ஃபைலை வாட்ஸ்அப்பிலேயே தொட்டுத் திறந்து பாருங்கள். நீங்கள் எழுதியது தெரிந்தால் எனக்கும் பெரும்பாலும் தெரியும். தெரியவில்லை என்றால் இன்னொரு முறை முயலுங்கள். அப்போதும் வரவில்லை என்றால் நிரப்பிய பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புங்கள், அல்லது தாள் கேளுங்கள்.

உங்கள் படிவத்தைப் பார்த்துப் படித்ததும் ‘கிடைத்தது, பயணம் சம்மதம், படம் சம்மதமில்லை’ என்பதுபோல் பதில் அனுப்புவேன். அந்தப் பதில் வராதவரை படிவம் எனக்கு வந்து சேரவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு, வகுப்பாசிரியர்.”

கடிதம் நீளமாகத் தெரியலாம். ஆனால் இதில் எந்தப் பத்தியை எடுத்தாலும் ஒரு குறிப்பிட்ட பிழை தப்பித்துக்கொண்டு வந்து நிற்கும். பயணம் எங்கே, எத்தனை மணி வரை, கடலில் இறங்குவார்களா என்பதையெல்லாம் முதலில் சொன்னதற்குக் காரணம் உண்டு. எதற்குச் சம்மதிக்கிறோம் என்று தெரியாமல் கொடுக்கும் சம்மதத்தில் பொருளில்லை. பொத்தான்களின் பெயர்களைத் திரையில் தெரிவது போலவே ஆங்கில எழுத்தில் வைத்திருப்பதும் வேண்டுமென்றே செய்தது. “சேமிக்கவும்” என்று கடிதத்தில் தமிழில் எழுதிவிட்டு, திரையில் `Save a copy` என்று வந்தால், ஆங்கிலம் அதிகம் பழகாதவர் இரண்டையும் பொருத்திப் பார்க்க முடியாமல் நின்றுவிடுவார். எழுத்தின் வடிவத்தை வைத்தாவது அவர் கண்டுபிடிக்கட்டும்.

தாளை முதல் பத்திகளிலேயே சொன்னதும் அப்படித்தான். கடைசி வரியில் “முடியாதவர்கள் தாளில் தரலாம்” என்று எழுதினால், தாள் கேட்பது குறை என்று பெற்றோருக்குத் தோன்றிவிடும். ஒரே செல்போனை அப்பா வேலைக்கு எடுத்துப் போகும் வீடுகள் எத்தனையோ இருக்கின்றன. பேத்தியை வளர்க்கும் பாட்டிக்குப் படிவத்தைப் பக்கத்து வீட்டுப் பையன்தான் நிரப்பித் தர வேண்டும். அவர்களுக்கெல்லாம் தாள்தான் நேர்வழி.

கடிதத்தில் இன்னொரு வரி சேர்க்கலாம் என்று சில ஆசிரியர்களுக்குத் தோன்றும்: இணையத்தில் பிடிஎஃப் நிரப்பித் தரும் தளங்கள் இருக்கின்றன, அவற்றில் செய்யலாம் என்று. வேண்டாம். அப்படிப்பட்ட தளத்தில் படிவத்தை ஏற்றினால் பிள்ளையின் விவரங்கள் முன்பின் தெரியாத ஒருவரின் கணினிக்குப் போகின்றன. நிரப்பி முடித்த பிறகு டவுன்லோட் செய்யப் பணம் கேட்கும் தளங்களும் உண்டு.

கணினியில் நிரப்பும் பெற்றோருக்கு ஒரே ஓர் எச்சரிக்கை. குரோம் உலாவியிலேயே படிவம் திறக்கும், நிரப்பவும் முடியும். டவுன்லோட் பொத்தானை அழுத்தும்போது `With your changes`, `Without your changes` என்று இரண்டு வழிகளைக் காட்டும். இரண்டாவதைத் தொட்டால் பழைய காலிப் படிவம்தான் இறங்கும். மின்னஞ்சலில் அனுப்பும் பெற்றோருக்கு இந்த ஒரு வரியைத் தனியாக எழுதினால் போதும்.

படிவங்கள் வந்து சேரத் தொடங்கியதும் ஆசிரியரின் வேலை. வரிசை எண்ணை 7 என்று வைக்காமல் 07 என்று வைக்கச் சொன்னதன் பலன் இங்கே தெரியும். எல்லாக் கோப்புகளையும் ஒரே ஃபோல்டரில் போட்டால் வருகைப் பதிவேட்டின் வரிசையிலேயே நிற்கும், நடுவில் எது இல்லை என்பது பார்த்ததுமே புலப்படும். அடுத்து கோப்புகளின் அளவைப் பார்க்கலாம். நிரப்பிச் சேமித்த படிவத்தின் அளவு மூலப் படிவத்திலிருந்து மாறியிருக்கும். ஒரு கோப்பின் அளவு பைட் கணக்கில்கூட மாறாமல் மூலப் படிவத்தின் அளவாகவே இருந்தால், அது ஆசிரியர் அனுப்பிய அதே காலிப் படிவம். திறந்து பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. அளவு மாறியும் காலியாகத் தெரிந்தால், முன்னே சொன்ன கண்ணாமூச்சி வகை. அதைப் பெற்றோரிடம் திருப்பிக் கேட்காமல் ஆசிரியரே வேறு செயலியில் திறந்து பார்த்துவிடலாம்.

திரும்பக் கேட்க வேண்டி வந்தால் “நீங்கள் நிரப்பவில்லை” என்று தொடங்கக் கூடாது. “நீங்க எழுதினது உங்க போன்லயே இருக்கும்மா, எனக்குப் பழைய ஃபைல் வந்திருக்கு. டவுன்லோட்ஸ்ல போய்ப் பாருங்க” என்று சொன்னால், பல நேரம் அந்தப் பேச்சு முடிவதற்குள்ளேயே சரியான கோப்பு வந்துவிடும். அவர் வேலையிடத்தில் இருக்கிறார், இப்போது முடியாது என்றால், பிள்ளையிடம் தாளைக் கொடுத்தனுப்பி மறுநாள் கையெழுத்தோடு வாங்குவதே குறைந்த அலைச்சல்.

எல்லாம் வந்தபின் அவற்றை அப்படியே வைத்துக்கொள்ளாமல் அச்சடிப்புக் கட்டளையில் போய் `Save as PDF` கொடுத்து இன்னொரு நகல் எடுத்துக்கொள்வது நல்லது. அப்போது பதில்கள் பெட்டியை விட்டுப் பக்கத்தோடு பக்கமாக ஒட்டிவிடும். பிறகு யார் திறந்தாலும் அவை மறையாது, தவறிக் கைபட்டு மாறவும் செய்யாது. பெற்றோர் அனுப்பிய மூலக் கோப்பையும் அழிக்காமல் பயணம் முடியும்வரை வைத்திருக்க வேண்டும்.

பேருந்தில் பொறுப்பாகப் போகும் ஆசிரியருக்கு நாற்பது படிவங்களையும் கொடுக்கத் தேவையில்லை. பிள்ளையின் பெயர், அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண், ஆஸ்துமாவோ வலிப்போ ஒவ்வாமையோ இருந்தால் அது, இவ்வளவையும் ஒரே தாளில் எழுதிக் கையில் கொடுத்தால் போதும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டி போய்க்கொண்டிருக்கும்போது ஒரு பிள்ளைக்கு மூச்சுத் திணறினால், செல்போனில் பிடிஎஃப்பைத் தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது. புகைப்படத்துக்குச் சம்மதிக்காத பிள்ளைகளின் வரிசை எண்களையும் அதே தாளின் அடியில் குறித்துவிட வேண்டும், ஏனென்றால் ஐந்து ரதங்களின் முன்னால் எல்லோரையும் நிறுத்திப் படம் எடுப்பவரும் பெரும்பாலும் அதே ஆசிரியர்தான். பயணம் முடிந்து திரும்பியதும், பள்ளி நிர்வாகம் வைத்திருக்கச் சொல்லும் ஒரு நகலைத் தவிர, ஆசிரியரின் சொந்தச் செல்போனில் உள்ள படிவங்களை வாட்ஸ்அப் உரையாடல்களிலிருந்தும் டவுன்லோட்ஸ் பகுதியிலிருந்தும் நீக்கிவிட வேண்டும்.